டோக்கன் பூட்டிக்கொண்டால்

ஆடிட்டர் அலுவலகங்கள் பலவற்றில் ஒரு மேசை இழுப்பறை இதற்கென்றே இருக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய யு.எஸ்.பி. டோக்கன்கள் அதில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர். அதில் நிறுவனத்தின் பெயர், அதற்குக் கீழே பேனாவால் எழுதிய எட்டு இலக்கம். பல சமயம் அந்த எட்டு இலக்கம் 12345678 ஆகத்தான் இருக்கும். இ-பாஸ் 2003 போன்ற டோக்கன்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் பின் எண் அது. டோக்கனின் பெயரை இணையத்தில் தேடினால் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

அந்த டோக்கனுக்குள் இருப்பது ஒரு இயக்குநரின் கையெழுத்து. உருவகமாகச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்தைக் கையால் போடும் கையெழுத்துக்குச் சமமாக வைக்கிறது. கம்பெனிகள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னை இதைக் கொண்டுதான் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 26. கொரோனா காலத்தில் ஓ.டி.பி. போதும் என்று கொடுத்த தளர்வு 2021 அக்டோபர் 31-உடன் முடிந்துவிட்டது. கம்பெனிகளின் வருமான வரிக் கணக்கு, கம்பெனிப் பதிவாளருக்குப் போகும் ஆண்டுப் படிவங்கள் எல்லாவற்றுக்கும் டி.எஸ்.சி. வேண்டும்.

இத்தனை வேலைக்கும் காவலாக நிற்பது அந்த பின் எண் ஒன்றுதான். ஆனால் டோக்கனுக்குச் சொந்தக்காரருக்கே அது பெரும்பாலும் தெரியாது. டி.எஸ்.சி. வாங்கும் நாளில் விற்பனையாளர் தன் இடத்திலிருந்தே கணினியை இணைத்துக்கொண்டு சான்றிதழை டவுன்லோடு செய்து தருவார். பின் எண்ணையும் அவரே போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவார். அந்த வரி கணக்கரின் கைபேசிக்குப் போகும். இரண்டு வருடம் கழித்துக் கணக்கர் வேலையை விட்டுப் போனால் எண்ணும் அவரோடு போய்விடும்.

டோக்கன் பென் டிரைவ் மாதிரி இருப்பதாலேயே பாதிக் குழப்பம் வருகிறது. பென் டிரைவில் இருப்பதை நகலெடுக்கலாம். டோக்கனுக்குள் இருப்பது ஏ.டி.எம். கார்டில் இருப்பதைப் போன்ற ஒரு சிப். கையெழுத்துக்கு ஆதாரமான ரகசியச் சாவி அந்தச் சிப்புக்குள்ளேயே உருவாகிறது, அதை விட்டு வெளியே வருவதில்லை. ரிட்டர்னில் கையெழுத்திடும்போது அந்த ரிட்டர்னின் சுருக்கக் குறியீடு மட்டும் டோக்கனுக்குள் போகிறது. சிப் அதில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. ‘பின் எண் கொடு’ என்று திரையில் ஒரு பெட்டி வந்தாலும், அதில் அடிக்கும் எண் ஜி.எஸ்.டி. தளத்துக்குப் போவதில்லை. சிப் தனக்குள்ளேயே அதைச் சரிபார்த்துக்கொள்கிறது. அதனால்தான் பின் எண் மறந்துபோனால் ஜி.எஸ்.டி. உதவி மையத்தைக் கூப்பிட்டும் பயனில்லை. சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கும் அந்த எண் தெரியாது. மின்னஞ்சலுக்கு இருப்பது போல ‘மறந்துவிட்டதா?’ என்று கேட்கும் பொத்தானும் இங்கே கிடையாது.

சிப்புக்குள் ஒரு எண்ணியும் இருக்கிறது. பின் எண்ணைத் தவறாகப் போடும் ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ள வாய்ப்பு ஒன்று குறையும். எத்தனை வாய்ப்பு என்பது டோக்கனுக்கு டோக்கன் மாறும். பலவற்றில் அது பத்தைத் தாண்டாது, சிலவற்றில் இன்னும் குறைவு. சரியான எண்ணை ஒரு தடவை போட்டால் எண்ணி பழைய நிலைக்குத் திரும்பும். போடாவிட்டால் குறைந்த வாய்ப்பு குறைந்தபடியே நிற்கும். கணினியை அணைத்துப் போட்டாலும், டோக்கனைப் பிடுங்கி வேறு கணினியில் செருகினாலும், மறுநாள் வரை காத்திருந்தாலும் அது மாறாது. சில வங்கித் தளங்களில் கடவுச்சொல்லைப் பல தடவை தவறாகப் போட்டுக் கணக்கு பூட்டிக்கொண்டால், கொஞ்ச நேரம் கழித்து அது தானாகத் திறந்துகொள்ளும். அந்தப் பழக்கத்தில் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று டோக்கனை எடுத்து வைப்பவர்கள், மறுநாள் மிச்சமிருக்கும் வாய்ப்புகளையும் தீர்த்துவிடுகிறார்கள்.

பின் எண்ணை உண்மையிலேயே மறந்தவர்கள் மட்டும் டோக்கனைப் பூட்டிவிடுவதில்லை. எண் சரியாகத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது. ஒரே கணினியில் இரண்டு இயக்குநர்களின் டோக்கன்கள் செருகியிருக்கும். இரண்டும் ஒரே கம்பெனி தயாரிப்பு, ஒரே கறுப்பு நிறம். முதல் இயக்குநரின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டாமவரின் எண்ணை அடிப்பார்கள். தவறு என்று வந்ததும், கை தவறி அடித்திருப்போம் என்று நினைத்து அதையே மறுபடி கவனமாக அடிப்பார்கள். விசைப்பலகையில் நம்லாக் அணைந்திருந்தாலும் இதே கதைதான். பெட்டிக்குள் நட்சத்திரக் குறிகள் மட்டுமே தெரிவதால், எத்தனை இலக்கம் உள்ளே போயிருக்கிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பின் எண்ணில் ஆங்கில எழுத்தும் கலந்திருந்தால் கேப்ஸ்லாக்கும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பின் எண்ணை மாற்றும் திரையில் முதல் பெட்டி பழைய எண்ணைக் கேட்கும். அங்கே தவறாக அடித்தாலும் அது ஒரு தவறான முயற்சிதான். ‘கையெழுத்துப் போடவே இல்லையே, மாற்றத்தானே பார்த்தோம்’ என்பதையெல்லாம் சிப் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

ஆகவே நிறுத்த வேண்டிய இடம் இரண்டாவது தவறு. முதல் தவறு கை தவறியதாக இருக்கலாம். இரண்டாவது தடவையும் தவறு என்று வந்தால் டோக்கனைப் பிடுங்கிவிட வேண்டும். மற்ற டோக்கன்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நோட்பேடைத் திறந்து அந்த எண்ணை ஒரு முறை கண்ணுக்குத் தெரியும்படி அடித்துப் பார்க்கலாம். விசைப்பலகைக் கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பார்த்ததும் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். பிறகு எண்ணை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று தேட வேண்டும். விற்பனையாளரின் பழைய வாட்ஸ்அப் செய்தி, டோக்கன் வந்த உறை, கணக்கரின் நாட்குறிப்பு என்று எங்காவது இருக்கும். தேடலுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஊகத்தில் அடிக்கும் மூன்றாவது, நான்காவது எண்ணைவிட அந்த ஒரு மணி நேரம் மலிவு.

டோக்கன் வேலை செய்யவில்லை என்றாலே பூட்டிக்கொண்டது என்று அர்த்தமில்லை. இந்தத் தப்பான முடிவுதான் நல்ல டோக்கன்களை அழிக்க வைக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் கையெழுத்து வேலையைக் கவனிப்பது, கணினியில் நிறுவியிருக்கும் emSigner என்ற மென்பொருள். அது டோக்கனிலுள்ள சான்றிதழ்களை முதலில் பட்டியலிட்டுக் காட்டும். பிறகுதான் பின் எண் கேட்கும். பட்டியலே காலியாக இருந்தால் குற்றம் பின் எண்ணில் இல்லை. டோக்கனுக்கான டிரைவர் நிறுவப்படாமல் இருக்கலாம், யு.எஸ்.பி. துளை பழுதாக இருக்கலாம், emSigner ஓடாமல் இருக்கலாம். பட்டியலில் பெயர் இருந்தும் கையெழுத்துப் போட மறுத்தால் சான்றிதழின் காலாவதி நாளைப் பார்க்க வேண்டும். சான்றிதழ்கள் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கின்றன. பெயர் வந்து, பின் எண் கேட்டு, அதன் பிறகு மறுத்தால்தான் சந்தேகம் பின் எண் மீது விழ வேண்டும்.

அப்போதும் இரண்டு நிலைகள் உண்டு. எண் தவறு, இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்பது ஒன்று. பூட்டிவிட்டது என்பது மற்றொன்று. சில மென்பொருள்கள் இதைத் தெளிவான வாக்கியமாகவே சொல்லும். வேறு சில, டோக்கன் உலகின் பொதுத் தரத்தில் உள்ள பிழைப் பெயரை அப்படியே காட்டிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சொல்தான்:

```
CKR_PIN_INCORRECT
CKR_PIN_LOCKED
```

முதலாவது வந்தால் டோக்கனைக் கழற்றிவிட்டு எண்ணைத் தேடலாம். இரண்டாவது வந்துவிட்டால், அதன் பிறகு சரியான எண்ணே கிடைத்தாலும் டோக்கன் அதை ஏற்காது. பூட்டிய பிறகும் டோக்கன் மென்பொருளில் சான்றிதழும் இயக்குநர் பெயரும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். சான்றிதழ் எல்லோரும் பார்ப்பதற்கான பகுதி என்பதால் அதற்கு பின் எண் தேவையில்லை. அதைப் பார்த்து ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஏமாறக் கூடாது. அந்தச் சான்றிதழை ஒரு கோப்பாகக் கணினியில் சேமித்து வைத்திருப்பவர்கள், அதை பேக்கப் என்று நம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. அந்தக் கோப்பில் ரகசியச் சாவி கிடையாது. அதை வைத்து ஒரு கையெழுத்தும் போட முடியாது.

பூட்டிய டோக்கனைத் திறக்க ஒரு வழி இருக்கலாம். ஒவ்வொரு டோக்கனுக்கும் பயனாளரின் பின் எண் தவிர, நிர்வாகிக்கான இன்னொரு பின் எண்ணும் உண்டு. எஸ்.ஓ. பின் என்பார்கள். பயனாளரின் எண் பூட்டிக்கொண்டால் அதை விடுவித்துப் புதிய எண் வைக்க அது உதவும். சாவியும் சான்றிதழும் அப்படியே இருக்கும். ஆனால் வாங்கியவர் கையில் அந்த எண் அநேகமாக இருக்காது. டோக்கன் தயாரிப்பாளரிடமோ விற்றவரிடமோ இருக்கலாம். யாருமே குறித்து வைக்காமலும் போயிருக்கலாம். ஆகவே முதல் அழைப்பு விற்றவருக்கு. டோக்கனின் மேல் அச்சிட்ட தொடர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுருக்கமாக முடியும். கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: சான்றிதழ் அழியாமல் பூட்டைத் திறக்க முடியுமா? நிர்வாகி எண்ணுக்கும் வாய்ப்புகள் எண்ணித்தான் வைத்திருக்கிறது. யாரோ சொன்ன எண்களையெல்லாம் அதில் போட்டுப் பார்த்தால் திறக்கும் வழியும் அடைந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் இணையத்தில் கிடைக்கும் ‘அன்லாக் டூல்’கள்தான் பெரிய ஆபத்து. டோக்கன் நிர்வாக மென்பொருளில் Unblock என்று ஒரு பொத்தானும் Initialize என்று ஒரு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். முதலாவது எண்ணை மட்டும் மீட்கும். இரண்டாவது டோக்கனைத் துடைத்துப் புதிதாக்கும், சாவியும் போய்விடும். Format என்று எழுதியிருந்தாலும் வேலை அதேதான். Initialize அழுத்திய பிறகு டோக்கன் மறுபடி 12345678-ஐ மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். ‘திறந்துவிட்டது!’ என்று ஆறுதலடைந்து emSigner-ஐத் திறந்தால் பட்டியலில் ஒரு பெயரும் இருக்காது. சான்றிதழை மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாமே என்றால் அதுவும் நடக்காது. அழிந்துபோன சாவிக்குப் பொருந்திய சான்றிதழ் அது. சாவி இல்லாமல் சான்றிதழ் மட்டும் வந்து ஆகப்போவது எதுவுமில்லை. புதிய சாவி, புதிய சான்றிதழ் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் விலை தெரியும். திருப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் பின்னலாடைக் கம்பெனி, மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர்கள் இருவர். ஜி.எஸ்.டி.யில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் ஒருவர்தான். ஜூலை மாதத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி ஆகஸ்ட் 20-க்குள் போக வேண்டும். உள்ளீட்டு வரி வரவு போக ரொக்கமாகக் கட்ட வேண்டியது 4,80,000 ரூபாய். ஆகஸ்ட் 19 மாலை, புதிதாகச் சேர்ந்த கணக்கர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் போடுகிறார்.

“அக்கா, எங்க பெரிய சார் டோக்கன் பிளாக் ஆயிருச்சுங்க.”

“எத்தனை தடவை போட்டீங்க தம்பி?”

“ஏழெட்டு இருக்குங்க. பழைய நம்பர், சார் பொறந்த வருசம், ஆபீஸ் போன் நம்பர்னு எல்லாம் போட்டுப் பார்த்தேன்.”

“இனி ஒண்ணும் தொடாதீங்க. முதல்ல சலான் போட்டுப் பணத்தைக் கட்டிருங்க. டோக்கனை அப்புறம் பார்க்கலாம்.”

அந்த அக்கா சொன்ன வரிசைதான் இங்கே முக்கியம். வரியைக் கட்டுவதும் ரிட்டர்னில் கையெழுத்திடுவதும் வேறு வேறு வேலைகள். சலான் உருவாக்க டி.எஸ்.சி. தேவையில்லை. ஜி.எஸ்.டி. எண் இருந்தால் தளத்துக்குள் நுழையாமலேயே சலான் போட்டுப் பணம் கட்டலாம். கட்டிய பணம் நிறுவனத்தின் மின்னணு ரொக்கப் பேரேட்டில் போய் உட்காரும். ரிட்டர்ன் தாக்கல் ஆகும்போது அதிலிருந்து வரி கழியும். 2024 ஜூலை 10 அன்று விதி 88பி-யில் வந்த திருத்தம் இதற்குப் பெரிய ஆறுதல் தருகிறது. கெடு தேதிக்குள் பேரேட்டில் வந்து சேர்ந்து, ரிட்டர்ன் போடும் வரை எடுக்கப்படாமல் அங்கேயே இருந்த தொகைக்கு வட்டி கிடையாது.

புதிய டி.எஸ்.சி. கைக்கு வந்து ஆகஸ்ட் 25-ஆம் தேதி ரிட்டர்ன் போனால் தாமதம் ஐந்து நாள். தாமதக் கட்டணம் மத்திய, மாநிலப் பங்குகள் சேர்த்து நாளுக்கு 50 ரூபாய், ஆக 250 ரூபாய். பணம் 20-ஆம் தேதிக்குள் பேரேட்டுக்குப் போயிருந்தால் செலவு அவ்வளவோடு முடிந்தது. டோக்கன் திறக்கட்டும் என்று பணத்தைக் கையிலேயே வைத்திருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும். 4,80,000 ரூபாய்க்கு ஐந்து நாள் வட்டி ஏறத்தாழ 1,184 ரூபாய். ஐந்து நாளுக்கு இது சின்னத் தொகைதான். விற்பனையாளரும் சான்றிதழ் நிறுவனமும் ஒருவரை ஒருவர் கைகாட்ட, மூன்று வாரம் இழுத்துவிட்டால் அது சின்னத் தொகையாக இருக்காது.

பூட்டிக்கொண்டது ஜி.எஸ்.டி.ஆர்-1 போடும் நேரத்தில் என்றால் வலி வேறு இடத்தில் விழும். விற்பனை விவரங்களைச் சொல்லும் அந்த ரிட்டர்னுக்குக் கெடு 11-ஆம் தேதி. அதற்குள் போனால்தான் சரக்கு வாங்கியவர்களின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில், 14-ஆம் தேதி உருவாகும்போது, இந்த பில்கள் இடம் பெறும். போகாவிட்டால் வாங்கியவர் எடுக்க வேண்டிய வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். தன் டோக்கன் பூட்டிய செலவை வாடிக்கையாளர் சுமக்கிறார் என்பதை, அவர் போன் போட்டுத் திட்டும்போதுதான் பல முதலாளிகள் தெரிந்துகொள்கிறார்கள். இதற்குச் சலான் போட்டுத் தப்பிக்கும் வழியும் இல்லை. ஆகவே மாதம் ஒரு முறை டோக்கனைச் சோதித்துப் பார்ப்பதானால் அதற்கு ஏற்ற நாள் 20-க்கு முன்பு அல்ல, 11-க்கு முன்பு.

தனி உரிமையாளரோ பங்குதாரர் நிறுவனமோ என்றால் இந்தப் பதற்றமே தேவையில்லை. டி.எஸ்.சி. வழியில் பழகியிருந்தாலும், பதிவு செய்த கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு அதே ரிட்டர்னை அன்றைக்கே போட்டுவிடலாம். கையெழுத்துத் திரையில் EVC என்ற பொத்தான் அதற்குத்தான். டோக்கனைத் திறக்க இரண்டு நாள் ஓடியலைந்த பிறகு இந்தப் பொத்தானைக் கவனிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கம்பெனிக்கு உள்ள மாற்றுவழி இரண்டாவது கையெழுத்தாளர். இன்னொரு இயக்குநரையும் அதிகாரம் பெற்றவராகச் சேர்த்து, அவருடைய டி.எஸ்.சி.யையும் தளத்தில் பதிந்து வைத்திருந்தால், ஒரு டோக்கன் பூட்டிய அன்று மற்றொன்று கைகொடுக்கும். பூட்டிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. புதியவரைச் சேர்க்கும் விண்ணப்பத்திலேயே பழையவர் கையெழுத்திட வேண்டும். அவருடைய டோக்கன்தான் பூட்டிக் கிடக்கிறதே.

திறக்கவே முடியாது என்று தெரிந்துவிட்டால் புதிய சான்றிதழ் வாங்க வேண்டியதுதான். கிளாஸ் 2 வகை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டதால், இப்போது கிடைப்பது கிளாஸ் 3 மட்டுமே. அடையாளச் சரிபார்ப்பு, கைபேசி, மின்னஞ்சல் உறுதிப்பாடு, ஒரு சின்ன வீடியோ எல்லாம் உண்டு. வீடியோவில் பேச வேண்டியவர் டி.எஸ்.சி.க்கு உரியவர்தான். அவருக்குப் பதிலாகக் கணக்கர் உட்கார முடியாது. இயக்குநர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தால் நாட்கள் நழுவுவது இந்த இடத்தில்தான். டோக்கன் பழுதில்லை என்றால் அதைத் துடைத்துவிட்டு அதிலேயே புதிய சான்றிதழை இறக்கலாம். புது டோக்கன் வாங்கியே தீர வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னால் காரணம் கேட்பதில் தப்பில்லை.

இந்த நடையில் இன்னொரு பின் எண்ணும் குறுக்கே வரும். சான்றிதழ் நிறுவனத்தில் விண்ணப்பதாரருக்கு இ-கே.ஒய்.சி. கணக்கு ஒன்று உருவாகும். அதற்கும் ஒரு பின் எண் வைக்கச் சொல்வார்கள். அது டோக்கனின் பின் எண் அல்ல. அந்தக் கணக்கின் எண்ணை மறந்தால் சான்றிதழ் நிறுவனத்தின் வழியாகவே மாற்றிக்கொள்ளலாம். டோக்கனின் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. இரண்டையும் ஒரே தாளில் ‘டி.எஸ்.சி. பின்’ என்று தலைப்பிட்டு எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து ஒன்றின் எண் மற்றொன்றில் போய் விழும். அப்படிப் பூட்டிக்கொண்ட டோக்கனுக்கு மறதியைக் குற்றம் சொல்ல முடியாது.

புதிய சான்றிதழை டோக்கனில் இறக்கியதும் வேலை முடிந்துவிடாது. ஜி.எஸ்.டி. தளத்தில் My Profile பகுதிக்குள் Register/Update DSC என்ற இடத்துக்குப் போய், கையெழுத்தாளரின் பான் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் புதியதைப் பதிய வேண்டும். வருமான வரித் தளத்திலும் கம்பெனிப் பதிவாளரின் தளத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதற்குத் தானாகப் போகாது. பழைய சான்றிதழில் கையெழுத்திட்டு ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்ன்களுக்கு ஒன்றும் ஆகாது. எதையும் மறுபடி கையெழுத்திட வேண்டியதில்லை.

எண்ணை அதிகம் மறப்பவர்கள் மாதா மாதம் டோக்கனைத் தொடுபவர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பவர்கள்தான். ஜி.எஸ்.டி.யில் கையெழுத்திடாத இரண்டாவது இயக்குநருக்கு டோக்கன் தேவைப்படுவது, பொதுக்குழு முடிந்து 30 நாளுக்குள் ஏ.ஓ.சி-4, 60 நாளுக்குள் எம்.ஜி.டி-7 என்று ஆண்டுப் படிவங்கள் போகும் நேரத்தில் மட்டும். அங்கே தாமதக் கட்டணம் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். ஆகவே செப்டம்பர் மாதத்திலேயே ஒரு நாள் டோக்கனைச் செருகி, அதன் மென்பொருளில் Login என்ற பொத்தானை அழுத்தி, எண்ணை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. எந்தத் தளமும் எந்தப் படிவமும் அதற்குத் தேவையில்லை. சரியான எண்ணாக இருந்தால், முன்பு தவறாகப் போட்டதில் குறைந்திருந்த வாய்ப்புகளும் நிரம்பிவிடும்.

12345678-ஐ மாற்றுவதும் அதே மென்பொருளில்தான். பழைய எண், புதிய எண், மறுபடி புதிய எண். பிறந்த வருடம், பான் எண்ணின் இலக்கங்கள், கைபேசி எண்ணின் கடைசி எட்டு இலக்கம் எல்லாம் கம்பெனியின் எந்தக் கோப்பைத் திறந்தாலும் கிடைப்பவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும். கவனத்துக்குரிய இன்னொன்று ஸ்டிக்கர். டோக்கனின் மேல் பெயரும் காலாவதித் தேதியும் எழுதலாம். இரண்டு டோக்கன்கள் மாறிப்போகாமல் இருக்க அது தேவையும்கூட. பின் எண் அதில் இருக்கக் கூடாது. நினைவில் நிற்காது என்பவர் ஒரு தாளில் எழுதி, எந்த டோக்கனுக்கானது, எந்த நாளில் மாற்றியது என்றும் குறித்து, உறையில் ஒட்டித் தன் சொந்தப் பெட்டகத்தில் வைக்கலாம். டோக்கன் இருக்கும் அதே இழுப்பறையில் வைத்தால் உறைக்கு வேலையில்லை.

டோக்கனை ஆடிட்டரிடமே விட்டுவைப்பது நம்மூர் நடைமுறை. பெரும்பாலானவர்கள் நேர்மையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். இருந்தாலும் சட்டம் அந்த நடைமுறையைப் பார்த்து எழுதப்படவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை டி.எஸ்.சி.க்கு உரியவர் தலையில் வைக்கிறது. சாவி பிறர் வசமாகிவிட்டது என்று தெரிந்தால் தாமதமின்றிச் சான்றிதழ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை நடப்பதற்கு அவரே பொறுப்பு. பிறருடைய மின்னணுக் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது 66சி பிரிவு. ஆனால் மோசடியை நிரூபிக்கும் பாரம் யார் மீது விழும் என்பதை, தன் பெயரில் போன படிவத்தைத் தான் பார்க்கவேயில்லை என்று சொல்ல நேரும் இயக்குநர் யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எண் தெரிந்த ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது என்ன செய்வது என்பது டோக்கன் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டோக்கன் கையில் இருந்தால் எண்ணை மாற்றினால் போதும். சாவியை யாரும் நகலெடுத்துப் போயிருக்க முடியாது என்பதால் பழைய எண் அந்த ஊழியருக்கு இனி பயன்படாது. டோக்கனையும் காணோம் என்றால் எண்ணை மாற்ற வழியில்லை. அன்றைக்கே சான்றிதழ் நிறுவனத்துக்கு எழுதிச் சான்றிதழை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். ரத்தான எண்ணையும் தேதியையும் காட்டும் அவர்களுடைய பதில் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். பின்னாளில் ஒரு படிவத்தின் கையெழுத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் போட்டதா பின்னால் போட்டதா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.